இன்முகம் வேறு, ஒருங்கிணைப்பு வேறு

மேலாண்மை மாணவர்கள் எழுதும் தேர்வுகளில், நிறுவன நடத்தை என்னும் தாளில், ஆண்டுதோறும் ஒரே அச்சில் வார்த்த வினா ஒன்று வந்துகொண்டிருக்கிறது. பெயர்களும் தொகைகளும் மாறும், கதை மாறுவதில்லை. அதன் பொதுவடிவம் இது: ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுத் துறையும் ஆய்வு வளர்ச்சித் துறையும் அவ்வாண்டு நிதியில் ஆளுக்கு 40 லட்சம் ரூபாய் கேட்கின்றன. இருப்பதோ 60 லட்சம். இரு துறைத் தலைவர்களும் அமர்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் மதித்துக் கேட்டு, ஆளுக்கு 30 லட்சம் என்று முடிவுசெய்து கைகுலுக்கிப் பிரிகிறார்கள். உறவு கெடவில்லை. இது எவ்வகைப் பேரம்?

பயிற்சிக் கையேடுகள் பல சொல்லும் விடை: ஒருங்கிணைப்புப் பேரம், அதாவது இன்டக்ரேட்டிவ் பார்கெய்னிங். காரணம், இருவருக்கும் வெற்றி, வின்-வின்.

இந்த விடை தவறு. இங்கே நடந்தது கலப்பற்ற பங்கீட்டுப் பேரம், டிஸ்ட்ரிபியூட்டிவ் பார்கெய்னிங். பேச்சுக்கு முன்பும் மேசைமேல் இருந்தது 60 லட்சம். பேச்சு முடிந்த பின்பும் 60 லட்சம். எவருக்கும் முழுத் தேவை நிறைவேறவில்லை. ஒருவர் கூடுதலாக ஒரு லட்சம் பெற்றிருந்தால் மற்றவருக்கு அதே ஒரு லட்சம் குறைந்திருக்கும். கத்தியால் வெட்டினால் மட்டுமே பங்கீடு, புன்னகையோடு வெட்டினால் ஒருங்கிணைப்பு என்று ஓர் இலக்கணம் எங்கும் இல்லை. இல்லாத இலக்கணத்தை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு நாம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

இருவரும் பயனடைந்தார்களே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பழைய கார் விற்பனையைப் பாருங்கள். பாடநூல்கள் பங்கீட்டுப் பேரத்துக்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு அதுதான். விற்பவர் 3,00,000 ரூபாய்க்குக் கீழே தரமாட்டார். வாங்குபவர் 3,60,000 ரூபாய்க்கு மேலே போகமாட்டார். பேரம் 3,30,000 ரூபாயில் முடிகிறது. விற்பவர் தம் எல்லையைவிட 30,000 ரூபாய் மேலே நிற்கிறார். வாங்குபவர் தம் எல்லையைவிட 30,000 ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார். இருவருக்கும் ஆதாயம், இருவருக்கும் மகிழ்ச்சி. ஆயினும் இது பங்கீட்டுப் பேரமே. விலை 3,50,000 ஆகியிருந்தால் ஒருவருக்கு 50,000, மற்றவருக்கு 10,000. எந்த விலையில் முடிந்தாலும் இருவரின் ஆதாயத்தையும் கூட்டினால் 60,000தான். கூட்டுத்தொகை அசையவில்லை; அதைப் பிரிக்கும் கோடு மட்டுமே அசைகிறது.

எந்த வற்புறுத்தலும் இன்றி முடியும் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் இரு தரப்பும் ஏதோ ஒன்றைப் பெறுகின்றன. பெறாவிட்டால் கையெழுத்திடுவானேன்? ஆகவே ‘இருவரும் பயனடைந்தனர்’ என்பது ஒப்பந்தம் நடந்தது என்பதற்கு மட்டுமே சான்று. அது ஒருங்கிணைப்பா பங்கீடா என்பதைச் சொல்லாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒப்பந்தத்தின் விதிகளை மாற்றினால் மொத்த ஆதாயம் மாறுகிறதா, அல்லது பங்கு மட்டும் மாறுகிறதா? மொத்தமே மாறக்கூடியதாக இருந்து, அதை வளர்க்கும் வழியை இருவரும் கண்டடைந்திருந்தால் அது ஒருங்கிணைப்பு. இல்லையேல் பங்கீடு. இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்கு வேறு அட்டவணை தேவையில்லை.

ஆனால் மாணவர்கள் மனப்பாடம் செய்வது அட்டவணையைத்தான். ராபின்ஸும் ஜட்ஜும் எழுதிய பெயர்பெற்ற பாடநூலில் இரு பேரங்களையும் ஒப்பிடும் பட்டியல் ஒன்று உண்டு. தகவல் பரிமாற்றம் குறைவு என்றால் பங்கீடு, மிகுதி என்றால் ஒருங்கிணைப்பு. உறவு குறுகியகாலம் என்றால் பங்கீடு, நெடுங்காலம் என்றால் ஒருங்கிணைப்பு என்று அது செல்லும். அவை பெரும்பாலும் உடன்வரும் அறிகுறிகள். காய்ச்சலுக்கு உடல் சுடும் என்பது உண்மை. வெயிலில் நின்றவர் உடலும் சுடும். நம் வினாத்தாள்கள் அறிகுறியை நோய் என்று எண்ணி, ‘உறவு நீடித்தது’, ‘மனம் திறந்து பேசினர்’ போன்ற சொற்றொடர்களை வினாவுக்குள் புதைத்துவைக்கின்றன. அவற்றைக் கண்டதும் கட்டத்தை நிரப்பும் பழக்கமே மாணவருக்குப் படிகிறது. கூட்டுத்தொகையை அவர் பார்ப்பதே இல்லை.

இந்த இரு சொற்களும் எங்கிருந்து பரவின என்பதை நினைவூட்டினால் குழப்பம் எவ்வளவு ஆழமானது என்று விளங்கும். ரிச்சர்டு வால்டனும் ராபர்ட் மெக்கெர்சியும் 1965இல், தொழிலாளர் சங்கங்களுக்கும் நிர்வாகங்களுக்கும் இடையிலான பேச்சுவார்த்தையை ஆராய்ந்து எழுதிய நூலில் அவற்றை நிலைநிறுத்தினார்கள். அவர்கள் பேசியவை இரண்டு அல்ல, நான்கு. பங்கீடு ஒன்று, ஒருங்கிணைப்பு ஒன்று. எதிர்த்தரப்போடு நம்பிக்கையையும் நட்பையும் பகைமையையும் வடிவமைப்பது மூன்றாவது. தன் தரப்புக்குள்ளேயே இசைவை உண்டாக்குவது நான்காவது. நான்கும் ஒரே பேச்சுவார்த்தைக்குள் ஒருசேர ஓடும் இழைகள். நான்கு வகை மனிதர்கள் அல்லர்.

மூன்றாவது இழையைக் கவனியுங்கள். மரியாதையாகப் பேசுவது, கைகுலுக்குவது, உறவைக் காப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஆசிரியர்கள் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். நம் வினாக்கள் மூன்றாவது இழையை வருணித்துவிட்டு இரண்டாவது இழையின் பெயரை விடையாகக் கேட்கின்றன.

சமரசத்தையும் ஒருங்கிணைப்பையும் ஒன்றாக்குவது இதைவிடப் பழைய பிழை. மேரி பார்க்கர் ஃபோலட் 1925இல் நிகழ்த்திய உரையிலேயே அதைப் பிரித்துக் காட்டினார். முரண்பாட்டைத் தீர்க்க ஆதிக்கம், சமரசம், ஒருங்கிணைப்பு என மூன்று வழிகளைச் சொன்ன அவர், ஹார்வர்டு நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் நடந்ததை எடுத்துக்காட்டினார். ஒருவர் சன்னலைத் திறக்க விரும்பினார். ஃபோலட் மூடிவைக்க விரும்பினார். ஆளில்லாத பக்கத்து அறையின் சன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று. அந்தக் குறிப்பிட்ட சன்னல் அன்று. இவருக்கு வேண்டியது வாடைக்காற்று நேராக மேலே படாமலிருப்பது. அடைத்த அறை அன்று. இருவரும் தாம் வேண்டியதை முழுமையாகப் பெற்றதால் இது சமரசம் இல்லை என்று ஃபோலட் தெளிவாக்கினார். சன்னலைப் பாதி திறந்திருந்தால் அதுதான் சமரசம்: அவருக்குக் காற்று போதாது, இவருக்குக் குளிர் தீராது.

நம் 60 லட்சத்தின் மீது இந்த வெளிச்சத்தைப் பாய்ச்சுவோம். ஆளுக்கு 40 லட்சம் எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்படி ஒரு விடை வந்திருக்கக்கூடும்: இரு துறைகளும் தத்தம் பணிக்கு 20 லட்சமும், ஒரு சோதனைக்கூடம் அமைக்க 20 லட்சமும் கேட்கின்றன. ஒரு துறைக்குக் கூடம் காலையில் தேவை, மற்றதற்கு மாலையில். அப்படியானால் பொதுவான கூடம் ஒன்றுக்கு 20, ஒவ்வொரு துறைக்கும் 20, மொத்தம் 60. இருவர் தேவையும் எச்சமின்றி நிறைவேறுகிறது. ஆளுக்கு 30 என்று பிரித்துக்கொண்ட இருவரோ, கூடத்தைக் கட்டி மற்றப் பணிகளில் பாதியைக் கைவிட்டிருப்பார்கள். அல்லது ஆளுக்கொரு அரைகுறைக் கூடத்தைக் கட்டியிருப்பார்கள். எந்த விடையை நம் கையேடு ‘இருவருக்கும் வெற்றி’ என்று போற்றுகிறதோ, அது இருவரும் சேர்ந்து இழந்த ஒரு வாய்ப்பாக இருந்திருக்கலாம். ஏன் என்று கேட்காமல் எவ்வளவு என்று மட்டும் கேட்டதன் விலை அது.

பொதுவான தேவை ஒன்று எப்போதும் கிடைக்காது. அப்போதும் மொத்தத்தை வளர்க்க வழியுண்டு. அது இரு தரப்பின் முன்னுரிமைகள் வேறுபடுவதில் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்வோம். பேச்சில் இரண்டு விவகாரங்கள். இரவு 12 மணிக்கு முடியும் இரண்டாம் ஷிப்டை 10 மணிக்கே முடிக்க வேண்டும் என்கிறது சங்கம். அதற்குப் பின் ஊருக்குப் பேருந்து இல்லை. ஞாயிறு அன்றும் இயந்திரங்கள் ஓட, வார விடுமுறையைச் சுழற்சி முறையில் தர வேண்டும் என்கிறது நிர்வாகம். 10 மணிக்கு முடிப்பது தொழிலாளி ஒருவருக்கு மாதம் 1,500 ரூபாய்க்கு நிகர். நிர்வாகத்துக்கு அதனால் 500 ரூபாய் செலவு. சுழற்சி விடுமுறை நிர்வாகத்துக்குத் தலைக்கு 1,200 ரூபாய் தரும். தொழிலாளிக்கு அதன் இழப்பு 400 ரூபாய். பாதி மாற்றத்துக்குப் பாதி மதிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

நயத்தக்க நாகரிகத்தோடு இரண்டிலும் பாதியாகப் பிரித்தால், ஷிப்டு 11 மணிக்கு முடியும்; பாதிப் பேருக்குச் சுழற்சி விடுமுறை. தொழிலாளர் தரப்பு 750 பெற்று 200 இழக்கிறது: மிச்சம் 550. நிர்வாகம் 600 பெற்று 250 இழக்கிறது: மிச்சம் 350. மொத்தம் 900. மாறாக, ஷிப்டில் சங்கத்தின் கோரிக்கையை முழுமையாகவும், விடுமுறையில் நிர்வாகத்தின் கோரிக்கையை முழுமையாகவும் ஏற்றால், தொழிலாளர் தரப்பு 1,500 பெற்று 400 இழக்கிறது: மிச்சம் 1,100. நிர்வாகம் 1,200 பெற்று 500 இழக்கிறது: மிச்சம் 700. மொத்தம் 1,800. ஒவ்வொன்றிலும் நடுவே வெட்டிய சமரசத்தைவிட இருவருக்கும் இரட்டிப்பு. நேர்மையாகத் தோன்றும் பாதிக்குப் பாதி, ஆதாயத்தில் சரிபாதியை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுகிறது.

இந்தப் பரிமாற்றத்துக்கு நட்பு கட்டாயமில்லை. 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிடில் எகிப்தின் சாதாத்தும் இஸ்ரேலின் பெகினும் 13 நாள் தங்கியிருந்தார்கள். தொடக்கச் சந்திப்புகள் கசந்துபோனதால், அதன்பின் அமெரிக்கத் தரப்பே வரைவுகளை இருவருக்கும் இடையே கொண்டு சென்றது. நம் அட்டவணைப்படி இது ஒருங்கிணைப்புக்குத் தகுதியே இல்லாத பேச்சு. ஆனால் சினாய் குறித்து அங்கே எட்டிய உடன்பாட்டைத்தான் ஃபிஷரும் யூரியும் 1981இல் தம் நூலில் நலன்களை இணைத்ததற்கு எடுத்துக்காட்டாக்கினார்கள். எகிப்துக்கு வேண்டியது மண்ணின் மீதான இறையாண்மை. இஸ்ரேலுக்கு வேண்டியது எல்லையருகே படை நில்லாத பாதுகாப்பு. சினாய் எகிப்துக்குத் திரும்பியது. அதன் பெரும்பகுதியில் படைக்குக் கட்டுப்பாடு வந்தது. நிலத்தைப் பாதியாக வெட்டும் கோடு எதுவும் இருவருக்கும் ஏற்புடையதாக இருந்திருக்காது. முகம் பார்க்க விரும்பாதவர்களும் ஒருங்கிணைக்க முடியும். முகம் மலர்ந்தவர்களும் வெறுமனே வெட்டிப் பிரித்துக்கொள்ள முடியும்.

இவ்வளவும் விடைத்தாளில் ஒரு மதிப்பெண் பற்றிய பிணக்கு என்றால் இத்தனை நீளத்துக்கு எழுதியிருக்க மாட்டேன். இந்த வகுப்புகளில் இருந்து வெளியேறுபவர்கள் நாளை மனிதவளத் துறையில் அமர்ந்து சங்கத்தோடு பேசப்போகிறவர்கள். ‘இருவருக்கும் வெற்றி என்ற மனப்பான்மையோடு வாருங்கள், பங்கு கேட்டு மல்லுக்கு நிற்பது பழைய பாணி’ என்று அவர்கள் எதிர்த்தரப்புக்கு அறிவுரை சொல்வார்கள். அந்த அறிவுரை எப்போதும் வலுத்தவரிடமிருந்து இளைத்தவரை நோக்கியே பாய்கிறது.

மேலே கண்ட தொழிற்சாலையிலேயே பாருங்கள். மொத்தம் 1,800 ஆன பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: அதில் யாருக்கு எவ்வளவு? 1,100க்கு 700 என்ற பிரிவு வானத்திலிருந்து இறங்கியது அன்று. மாதச் சம்பளத்தில் 200 ரூபாய் குறைத்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் கேட்கலாம். 200 கூட்டுங்கள் என்று சங்கம் கேட்கலாம். அந்த 200 ரூபாய் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும்போது மொத்தம் ஒரு பைசாவும் வளர்வதில்லை. மதிப்பை உருவாக்கும் பேச்சுக்குள்ளேயே அதைப் பங்கிடும் பேச்சும் இருக்கிறது. பங்கிடும் பேச்சை இழிவென்று கற்பிப்பவர்கள், உருவான மதிப்பில் பெரும்பங்கு சத்தமின்றி வலியவர் பக்கம் சேர வழிவிடுகிறார்கள்.

தகவலைத் திறந்து பகிர்தல் என்ற புகழ்மொழியும் இதே போன்றது. முன்னுரிமைகளைச் சொல்லாமல் பரிமாற்றம் இல்லை என்பது மெய். ஆனால் சங்கம், ‘எங்களுக்கு 10 மணிதான் உயிர்நாடி’ என்று முதலில் திறந்துவிட்டால், நிர்வாகம் அதையே பிடித்துக்கொண்டு விடுமுறையோடு சம்பளக் குறைப்பையும் கேட்கலாம். திறந்தவர் மட்டும் திறந்திருக்க, மூடியவர் அறுவடை செய்கிறார். லாக்ஸும் செபீனியஸும் 1986இல் இதைப் பேரம் பேசுவோரின் இக்கட்டு என்று விளக்கினார்கள். அனுபவமுள்ளவர்கள் இதனால்தான் ஒரு விவகாரத்தை மட்டும் தனித்துத் திறப்பதில்லை. இரண்டு மூன்று முழுத் தொகுப்புகளை ஒருசேர முன்வைத்து, எது உங்களுக்கு ஏற்பு என்று கேட்கிறார்கள். எதிர்த்தரப்பின் தேர்விலிருந்தே அதன் முன்னுரிமை வெளிப்படும். தம் இறுதி எல்லை வெளிப்படாது.

மேசைக்கு வெளியே இருப்பவர்களையும் வினாத்தாள் எண்ணுவதில்லை. அதே தொழிற்சாலையில், ஞாயிற்றுக்கிழமை வேலையை நிரந்தரத் தொழிலாளர் தலையில் வைக்காமல், சங்கத்தில் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர் மீது கூடுதல் கூலியின்றிச் சுமத்தினால்? நிர்வாகத்துக்கு அதே 700. நிரந்தரத் தொழிலாளருக்கு 1,100 என்பது 1,500 ஆகிறது. மேசையில் அமர்ந்தவர்களின் கணக்கில் இது முந்தையதைவிடச் சிறந்த வின்-வின். அந்த 400 ரூபாய் புதிதாகப் பிறந்ததன்று. கூப்பிடப்படாதவரின் பையிலிருந்து எடுத்தது. கேம்ப் டேவிடிலும் மேற்குக் கரை, காசா பற்றிய ஆவணம் ஒன்று கையெழுத்தானது. பாலஸ்தீனப் பிரதிநிதிகள் எவரும் அங்கே இல்லை. மொத்தம் வளர்ந்தது என்று சொல்பவரிடம், யாரையெல்லாம் கூட்டிச் சொல்கிறீர்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

தொடக்கநிலை மாணவருக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு, எளிமையாக இருக்கட்டுமே என்பது எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் மறுமொழி. மொத்தம் மாறியதா என்று கேட்பது, உறவு நீடித்ததா என்று கேட்பதைவிடக் கடினமன்று. வினாவைத் திருத்துவதும் எளிது. ஒவ்வொரு தரப்புக்கும் ஒவ்வொரு விவகாரம் எவ்வளவு முக்கியம் என்பதை வினாவிலேயே தாருங்கள். பிறகு வகையின் பெயரைக் கேட்காமல், இருவருக்கும் இதைவிடச் சிறந்த ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். சில வினாக்களில் ‘இல்லை’ என்பதே சரியான விடையாக இருக்கட்டும். ஒரே பொருள், ஒரே விலை, மீண்டும் சந்திக்கத் தேவையற்ற இருவர் என்றால் பங்கீடு மட்டுமே உண்டு; அங்கே ஒருங்கிணைப்பைத் தேடுவது காலவிரயம். ஒருங்கிணைப்பை அவ்வளவு உயர்த்திப் பேசிய ஃபோலட்டே அது எல்லா இடத்திலும் இயலாது என்று ஒப்புக்கொண்டார். ஒரே பெண்ணை மணக்க விரும்பும் இருவருக்கு எந்தப் பக்கத்து அறைச் சன்னலும் உதவாது.

60 லட்சத்தைச் சரிபாதியாகப் பிரித்த அந்தத் துறைத் தலைவர்கள் பண்பானவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பண்புக்கு மதிப்பெண் தருவதானால் அதற்குத் தனி வினா வையுங்கள். இந்த வினாவுக்கு விடை: பங்கீட்டுப் பேரம். விடைக்குறிப்பில் அப்படித் திருத்தப்படும்வரை, ‘எதற்கு?’ என்று ஒருமுறைகூடக் கேட்காமல் வெட்டிப் பிரித்துவிட்டு, அதற்கு வின்-வின் என்று பெயர்சூட்டும் மேலாளர்களையே நாம் உருவாக்கிக்கொண்டிருப்போம்.